உடன்பிறந்தவருக்குச் சிறுநீரகம் தர விடுப்புக் கேட்கும் கடிதம்: தேதி தள்ளிப்போனாலும் செல்லும்படி எழுதுவது எப்படி?

கேள்வி: என் அண்ணனுக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கப் போகிறேன். பரிசோதனைகள் பெரும்பாலும் முடிந்துவிட்டன. நான் ஒரு சரக்குக் கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன். பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வேலையும் உண்டு. மேலாளருக்கு விடுப்புக் கடிதம் எப்படி எழுதுவது? எத்தனை நாள் கேட்கலாம்? அண்ணனின் நோயைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்? எனக்கு எந்த நோயும் இல்லாதபோது மருத்துவ விடுப்புக் கேட்பது சரியாக வருமா?

பதில்:

ஆறு வாரம் கேளுங்கள். அதற்குப் பின் சில வாரங்களுக்குப் பளு தூக்காத வேலையும் கேளுங்கள். அறுவைச் சிகிச்சையின் தேதி தள்ளிப்போனால் விடுப்பும் அதோடு சேர்ந்து நகரும் என்பதைக் கடிதத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அண்ணனின் நோயைப் பற்றி ஒரு வரி போதும். மருத்துவ விடுப்புக் கேட்பது சரியே. இவற்றுக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் கடிதத்தைப் படித்த மேலாளர் உங்களை அழைத்து நான்கு கேள்வி கேட்பார். அப்போது காரணம் தெரிந்தவருக்குத்தான் தடுமாறாமல் பதில் சொல்ல முடியும்.

சிறுநீரகக் கொடையாளர்களைப் பரிசோதனை முதல் வீடு திரும்பும் வரை வழிநடத்தும் ஒருங்கிணைப்புப் பணியில் நான் இருக்கிறேன். மருத்துவச் சான்று கேட்டு வருபவர்கள் தாங்கள் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தையும் காட்டுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க அண்ணனோ தங்கையோ படும் துன்பம், டயாலிசிஸ், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, குடும்பச் சூழ்நிலை. கடைசியில் “ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து தேவையான நாட்களுக்கு விடுப்பு அளிக்குமாறு வேண்டுகிறேன்” என்று ஒரு வரி. படிக்கும் மேலாளருக்கு மனம் இளகும், சந்தேகமில்லை. ஆனால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்தத் தேதி எவ்வளவு உறுதி, அதுவரை வேலையை யார் பார்ப்பது, திரும்பி வந்ததும் இவரால் என்ன செய்ய முடியும் என்ற எதற்கும் அதில் விடை இராது. மேலாளர் அந்தக் கடிதத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்புவார், அவர்கள் “எத்தனை நாள்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரக்கம் ஏற்கெனவே கிடைத்துவிட்ட இடத்தில் காலதாமதம் மட்டும் மிச்சமாகும்.

கடிதம் எழுதுமுன் அதை எப்போது கொடுப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும். இதில் என் கருத்து சற்றுக் கண்டிப்பானது: கொடையாளராக உங்களை ஏற்றுக்கொண்டதாக மருத்துவக் குழு எழுத்தில் சொல்லும் வரை அலுவலகத்தில் கொடையைப் பற்றிப் பேச வேண்டாம். இரத்த வகை, திசுப் பொருத்தம், 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரக இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன், இதயப் பரிசோதனை, மனநல ஆலோசகரின் நேர்காணல் என்று ஒவ்வொரு படியிலும் கொடையாளர் விலக்கப்படலாம். அவரே விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரை அந்த உரிமை இருக்கிறது. அப்படி விலகினால் நல்ல மருத்துவமனைகள் உண்மையான காரணத்தைக் குடும்பத்தாரிடம்கூடச் சொல்லாமல், “மருத்துவ ரீதியாகப் பொருத்தமில்லை” என்று மட்டும் தெரிவித்துக் கொடையாளரைக் காப்பாற்றும். இந்தப் பாதுகாப்பெல்லாம் அலுவலகம் முழுவதும் செய்தி பரவி, வாழ்த்து அட்டையில் எல்லாரும் கையெழுத்திட்ட பிறகு பயனற்றுப் போகும். “எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், இனி எப்படிப் பின்வாங்குவது?” என்று தயங்குபவரின் ஒப்புதலை நாங்கள் சுதந்திரமான ஒப்புதலாகக் கருதுவதில்லை. ஆகவே பரிசோதனை நாட்களுக்கு “மருத்துவப் பரிசோதனைக்காக ஒரு நாள் விடுப்பு” என்று மட்டும் எழுதுங்கள். அது உண்மைதான், அதற்கு மேல் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியத் தேவையில்லை.

பரிசோதனைகள் “பெரும்பாலும்” முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மீதியும் முடியட்டும். ஒப்புதல் கிடைத்து, உத்தேசத் தேதியும் குறிக்கப்பட்ட பிறகு, ஏறத்தாழ நான்கு ஐந்து வாரம் கையில் இருக்கும்படி கடிதத்தைக் கொடுத்தால் மேலாளருக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும். உயிரோடிருப்பவர் தரும் சிறுநீரகத்தில் இப்படி ஒரு வசதி உண்டு: இது திட்டமிட்டுச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை. அண்ணனின் உடல்நிலை இடம் கொடுத்தால், கிடங்கின் மிக நெருக்கடியான வாரத்தைத் தவிர்த்துத் தேதி குறிக்கும்படி மருத்துவக் குழுவிடம் முதலிலேயே கேட்டுப் பார்க்கலாம். கேட்பது மருத்துவக் குழுவிடம்தான் இருக்க வேண்டும். தேதியை மேலாளரின் விருப்பத்துக்கு விட்டால், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று பேரம் தொடங்கிவிடும்.

அடுத்தது நாட்களின் கணக்கு. இங்குதான் பலர் குறைத்துக் கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில் சிறு துளைகள் வழியாகச் சிறுநீரகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். மருத்துவமனையில் 2 முதல் 4 நாள் இருந்தால் போதும் என்றதும், “இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன்” என்று எழுதிவிடுகிறார்கள். துளைகள் சிறியவைதான், ஆனால் சிறுநீரகம் சிதையாமல் முழுதாக வெளியே வர வேண்டும் அல்லவா? அதற்காக அடிவயிற்றில் ஏறத்தாழ 6 முதல் 8 செ.மீ. நீளத்தில் தனியாக ஒரு வெட்டு போடப்படுகிறது. மேல்தோல் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டாலும், அடியில் உள்ள தசையும் அதைப் போர்த்திய உறையும் பலம் பெற வாரங்கள் ஆகும். அதற்குள் கனமான பெட்டியைத் தூக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி, வெட்டுப்பட்ட இடம் வழியாகக் குடல் பிதுங்கலாம். அதைச் சரிசெய்ய இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். இதனால்தான் முதல் நான்கு முதல் ஆறு வாரம் வரை ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறோம். பளு தூக்குவதே வேலையாக உள்ளவர்களுக்கு இந்தத் தடை எட்டு வாரம் வரையிலும் சிலருக்கு அதற்கு மேலும் நீளும்.

வலியைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது களைப்பு. மூன்றாம் வாரத்தில் வலி அடங்கி, நடமாட்டம் இயல்பாகி, பார்ப்பவர்களுக்கு முழுநலம் பெற்றவராகவே தெரிவார்கள். காலையில் உற்சாகமாகத் தொடங்கி, பிற்பகலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் போவதும் அந்த வாரங்களில்தான். உடல் ஒரு பெரிய அறுவைச் சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருக்கிறது. மீதமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் சற்றுப் பருத்து, இரண்டும் சேர்ந்து செய்துவந்த வேலையில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தானே செய்யப் பழகிக்கொண்டிருக்கிறது. மேசை வேலை பார்ப்பவர்கள் நான்கு வாரத்தில் திரும்புவது உண்டு, சிலர் அதற்கும் முன்னரே வருவார்கள். உங்கள் வேலைக்கு ஆறு வாரம் என்பது நியாயமான கணக்கு. முன்னதாகத் தேறிவிட்டால் முன்னதாக வந்து சேர்வதை எந்த மேலாளரும் குறை சொல்ல மாட்டார். இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீட்டிப்புக் கேட்பவர் மீதுதான் எரிச்சல் வரும்.

தேதி தள்ளிப்போகும் வாய்ப்பைக் கடிதத்தில் சொல்லாமல் விடுவது மிகப் பெரிய குறை. குறித்த நாளில் நடக்காமல் போவது எங்களுக்கு வழக்கமான செய்தி; கிடங்கு மேலாளருக்கு அது புதிது. அண்ணனுக்குக் காய்ச்சலோ டயாலிசிஸ் குழாயில் தொற்றோ வந்தால் நிறுத்துவோம், ஏனெனில் சிகிச்சைக்குப் பின் அவருடைய எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் தொற்றோடு அதைச் செய்ய முடியாது. உங்களுக்குச் சளியும் இருமலும் பிடித்தாலும் தள்ளிவைக்கலாம். அதோடு, சிகிச்சைக்குச் சில நாள் முன்பு உங்கள் இருவரின் இரத்தத்தையும் வைத்து கிராஸ்மேட்ச் பரிசோதனையை மீண்டும் ஒரு முறை செய்வார்கள். உங்கள் செல்களைத் தாக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் அண்ணனின் இரத்தத்தில் இடைக்காலத்தில் புதிதாக உருவாகியிருக்கிறதா என்று அதில் தெரியும். இடையில் அவருக்கு இரத்தம் ஏற்றியிருந்தால் அப்படி நேரலாம். உருவாகியிருந்தால் சிகிச்சை அன்றைக்கு இல்லை. சில சமயம் மருத்துவமனையில் சேர்ந்து படுத்த பிறகும் வீட்டுக்கு அனுப்ப நேர்ந்திருக்கிறது. இதையெல்லாம் விவரித்துக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. “தேதி மாறினால் அன்றே தெரிவிப்பேன், அதே அளவு விடுப்பு புதிய தேதிக்கு மாற்றப்பட வேண்டும்” என்ற அளவில் ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்துக்கும் சேர்த்து மேலாளர் கையெழுத்திட்டுவிட்டால், தள்ளிப்போகும் நாளில் நீங்கள் புதிதாகக் கடிதம் எழுதி, புதிதாக அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நோயில்லாதவர் மருத்துவ விடுப்புக் கேட்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை, மனிதவளப் பிரிவுகளுக்கும் உண்டு. “இது நீங்களாக விரும்பிச் செய்துகொள்ளும் அறுவைச் சிகிச்சைதானே?” என்று கேட்பார்கள். விரும்பிச் செய்துகொள்வதுதான், ஆனாலும் மயக்க மருந்து, மருத்துவமனைப் படுக்கை, வாரக்கணக்கில் வேலை செய்ய இயலாமை என அதன் விளைவு எந்தப் பெரிய அறுவைச் சிகிச்சைக்கும் உள்ளதே. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2018-இல் வெளியிட்ட ஒரு கருத்துக் கடிதத்தில், கொடைக்கு முன் முழு உடல்நலத்தோடு இருந்தவர் மற்றவரின் நலனுக்காக மட்டுமே உறுப்பைத் தந்தாலும், அது அந்நாட்டின் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் கீழ் வரத் தகுதியுடையது என்று விளக்கப்பட்டது. சில இடங்களில் தனி விடுப்பே உண்டு: இந்தியாவில் மத்திய அரசு ஊழியர்கள் உறுப்புக் கொடைக்கு 42 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு எடுக்க 2023-இல் ஆணை வந்தது, அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கு ஆண்டில் 30 நாள் வரை உண்டு. தனியார் நிறுவனங்களை இவை கட்டுப்படுத்தும் என்று பொருளில்லை. உங்கள் நாட்டின் சட்டமும் நிறுவனத்தின் விடுப்பு விதியும் என்ன சொல்கின்றன என்று கடிதத்துக்கு முன் பார்த்துவிடுங்கள். தனி விடுப்பு இருந்தால் அதன் பெயரையே எழுதுங்கள். இல்லாவிட்டால் மருத்துவ விடுப்பு, அது போதாவிட்டால் ஈட்டிய விடுப்பு, அதுவும் தீர்ந்தால் ஊதியமில்லா விடுப்பு என்ற வரிசையில் கேளுங்கள். வகையை முடிவு செய்யும் வேலையை நிர்வாகத்தின் தலையில் போட்டால் அவர்களுக்கு எளிதானது ஊதியமில்லா விடுப்பாகத்தான் இருக்கும்.

அண்ணனைப் பற்றி எவ்வளவு சொல்வது என்று கேட்டீர்கள். கொடை உங்களுடையது, நோய் அவருடையது. எதனால் சிறுநீரகம் பழுதாயிற்று, எத்தனை ஆண்டாக டயாலிசிஸ் என்பவை அவருடைய மருத்துவச் செய்திகள். அவற்றை எழுத அவரிடம் கேட்டீர்களா? “என் உடன்பிறந்தவருக்கு” என்ற சொல்லே போதுமானது. உங்கள் மருத்துவச் சான்றும் அப்படித்தான் இருக்கும்: உங்களுக்கு என்ன சிகிச்சை, உத்தேசமாக எந்தத் தேதி, எத்தனை வாரம் ஓய்வு, பிறகு என்னென்ன தடை என்பவை மட்டும் அதில் இருக்கும். சான்றைக் கொடையாளரைக் கவனிக்கும் மருத்துவரிடமே வாங்குங்கள். அண்ணனின் மருத்துவர் தரும் தாளில் அண்ணனின் பெயரும் நோயும்தான் பெரிதாக இருக்கும். அதைப் படிக்கும் அலுவலகம் உங்கள் விடுப்பை “நோயாளி உறவினரைக் கவனித்துக்கொள்ளும் விடுப்பு” என்று பதிந்துவிடும். இந்தக் குழப்பம் வந்தால் நாட்களும் சம்பளமும் மாறிப்போகும். ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: விடுப்பில்தானே இருக்கிறோம், அண்ணனையும் நாமே கவனித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். முதல் வாரங்களில் அவர் அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவமனை போய்வர வேண்டியிருக்கும். அவரைக் கூட்டிப்போகும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். அந்தப் பொறுப்புக்கு வேறு ஒருவர் வேண்டும். அவருடைய விடுப்பு வேறு கடிதம்.

இனிக் கடிதம். மாதிரிக்காக, அறுவைச் சிகிச்சை மார்ச் 10 செவ்வாய்க்கிழமை என்றும், முந்தைய நாள் மருத்துவமனையில் சேர வேண்டும் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 2

பெறுநர்
கிடங்கு மேலாளர் அவர்கள்

பொருள்: உறுப்புக் கொடை அறுவைச் சிகிச்சைக்காக மார்ச் 9 முதல் ஏப்ரல் 19 வரை விடுப்பும், அதன் பின் தற்காலிகப் பணி மாற்றமும் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் உடன்பிறந்தவருக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றைத் தானமாக வழங்க இருக்கிறேன். தேவையான பரிசோதனைகளுக்குப் பின் மருத்துவக் குழு என்னைக் கொடையாளராக ஏற்றுக்கொண்டுள்ளது. அறுவைச் சிகிச்சை மார்ச் 10 அன்று நடைபெறும் என உத்தேசிக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய நாள் நான் மருத்துவமனையில் சேர வேண்டும்.

மருத்துவரின் அறிவுரைப்படி மார்ச் 9 முதல் ஏப்ரல் 19 வரை ஆறு வாரங்களுக்கு எனக்கு மருத்துவ விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் உள்ள மருத்துவ விடுப்பு போதாத நிலையில், மீதமுள்ள நாட்களுக்கு ஈட்டிய விடுப்பைப் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறேன்.

இறுதிப் பரிசோதனைகளின் முடிவையும் எங்கள் இருவரின் உடல்நிலையையும் பொறுத்து இத்தேதி மாறக்கூடும். மாறினால் எனக்குத் தெரியவரும் நாளிலேயே தங்களுக்குத் தெரிவிப்பேன். அந்நிலையில் உடனே பணிக்குத் திரும்புவேன். இதே ஆறு வார விடுப்பைப் புதிய தேதிக்கு மாற்றித் தருமாறு இக்கடிதத்தின் வழியாகவே வேண்டுகிறேன்.

ஏப்ரல் 20 அன்று பணிக்குத் திரும்ப எண்ணியுள்ளேன். அன்று முதல் மூன்று வாரங்களுக்கு, அல்லது மருத்துவர் எழுத்து வழியாக அனுமதிக்கும் வரை, 5 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கும் பணியிலிருந்து விலக்கு அளித்து, இருப்புப் பதிவு, சரக்கு வரவுச் சரிபார்ப்பு போன்ற பணிகளைத் தருமாறு கோருகிறேன். முதல் வாரம் அரை நாள் பணியாக அமைந்தால் உதவியாக இருக்கும்.

மார்ச் இறுதியில் வரும் இருப்புக் கணக்கெடுப்புக்கான பட்டியல்களை மார்ச் 6-ஆம் தேதிக்குள் முடித்து ஒப்படைப்பேன். என் அன்றாடப் பணிகளின் குறிப்பையும், தாங்கள் நியமிக்கும் ஊழியருக்கு ஒரு வாரப் பயிற்சியையும் அதற்குள் அளிக்க அணியமாக உள்ளேன். பிற்காலத்தில் ஆறாம் மாதத்திலும், ஓராண்டு, இரண்டாண்டு முடிவிலும் தொடர் பரிசோதனைக்காகத் தலா ஒரு நாள் விடுப்பு தேவைப்படலாம்.

மருத்துவச் சான்றை இணைத்துள்ளேன். இது என் குடும்பத்தினரின் உடல்நலம் சார்ந்த செய்தி என்பதால், விடுப்பு ஏற்பாட்டுக்குத் தேவையானவர்களைத் தவிர மற்றவர்களிடம் விடுப்பின் காரணத்தைப் பகிராமல் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

கடிதம் இவ்வளவே. “கருணை”, “தாழ்மை” போன்ற சொற்களை நான் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். உங்கள் அலுவலக வழக்கம் அதுவானால் ஒன்றிரண்டு சேர்ப்பதில் தவறில்லை. மாற்றக் கூடாத சொல் “உத்தேசிக்கப்பட்டுள்ளது” என்பது. அதை நீக்கிவிட்டு “நடைபெறும்” என்று எழுதினால், தேதி தள்ளிப்போகும்போது நீங்கள் சொன்ன சொல் தவறியதாகிவிடும். “மருத்துவர் எழுத்து வழியாக அனுமதிக்கும் வரை” என்பதையும் விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் என்று மட்டும் இருந்தால், மூன்றாம் வாரத்தின் மறுநாள் காலையிலேயே லாரியிலிருந்து பெட்டி இறக்க யாராவது கூப்பிடுவார்கள்.

பணி ஒப்படைப்புப் பத்தியைப் பலர் சம்பிரதாயமாக எழுதுகிறார்கள்: “என் பணிகள் பாதிக்காதவாறு பார்த்துக்கொள்வேன்”. அதை யாரும் நம்புவதில்லை. எந்தப் பட்டியல், எந்தத் தேதி, யாருக்குப் பயிற்சி என்று எழுதினால் மேலாளர் தன் மேலதிகாரியிடம் அந்தப் பத்தியை அப்படியே படித்துக் காட்டி அனுமதி வாங்கிவிடலாம். அதே சமயம், விடுப்பில் இருக்கும்போது தொலைபேசியில் கிடைப்பேன், மின்னஞ்சல் பார்ப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். முதல் நாட்களில் வலிக்குத் தரும் மருந்துகள் சில தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். அந்த நிலையில் வண்டி ஓட்டக் கூடாது என்கிறோம், இருப்புக் கணக்கு சொல்வதும் அதைவிடப் பாதுகாப்பானதன்று. ஏதேனும் சலுகை தர வேண்டும் என்று தோன்றினால், நான்காம் வாரத்துக்குப் பின், மருத்துவர் சம்மதித்தால், வாரத்தில் ஒரு நாள் சிறிது நேரம் தொலைபேசியில் பேசலாம் என்ற அளவோடு நிறுத்துங்கள், அதையும் வாயால் சொல்லுங்கள், எழுத வேண்டாம்.

கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து ஐந்து நிமிடம் பேசுவது நல்லது. அப்போது மூன்று கேள்விகளை எதிர்பார்க்கலாம். முதலாவது, “பதினைந்து நாளில் வர முடியாதா?” என்பது. முன்பு சொன்ன அடிவயிற்று வெட்டையும் பளுத் தடையையும் சொன்னால் கிடங்கில் வேலை பார்ப்பவருக்கு உடனே புரியும். குடலிறக்கம் வந்து மறுபடி விடுப்பில் போன தொழிலாளி ஒருவரையாவது அவர் பார்த்திருப்பார். இரண்டாவது, வாய்விட்டுக் கேட்கப்படாவிட்டாலும் மனத்தில் இருப்பது: “இனிமேல் இவர் பழையபடி வேலை செய்வாரா?” சிக்கலின்றி ஆறிய பின் பெரும்பாலான வேலைகளுக்கு நிரந்தரத் தடை எதுவும் கிடையாது. கனமான வேலைக்கும் திரும்பலாம். விலாப் பக்கம் பலமாக அடிபடக்கூடிய விளையாட்டுகளிலும் பணிகளிலும்தான் கூடுதல் கவனம் சொல்வோம். இதை நீங்கள் உறுதிமொழியாகச் சொல்வதைவிட, “குணமான பின் மருத்துவர் தகுதிச் சான்று தருவார்” என்று சொல்வது சரி. சிக்கல் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்ராஸ்கோப்பியில் தொடங்கி, இரத்தப்போக்கால் பெரிய வெட்டுக்கு மாற வேண்டியிருப்பதும் அரிதாக உண்டு. அப்படியானால் ஓய்வு நாட்கள் கூடும்.

மூன்றாவது கேள்வி நல்லெண்ணத்தில் வருவது: “எல்லாரிடமும் சொல்லட்டுமா? பெருமைப்படுவார்கள்.” வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள். கடிதத்தின் கடைசிப் பத்தி இதற்காகத்தான். அலுவலகக் குழுவில் பாராட்டுச் செய்தி போட்ட மறுவாரம் சிகிச்சை ரத்தானால், ஏன் ரத்தாயிற்று என்று இருபது பேருக்கு விளக்கம் சொல்லும் வேலை உங்களுக்கு வரும். அந்த விளக்கத்தில் அண்ணனின் உடல்நிலையும் சேர்ந்து வெளியே வரும். எல்லாம் நலமாக முடிந்து நீங்கள் திரும்பிய பின் சொல்ல விரும்பினால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

மேலாளர் வாய்மொழியாகச் “சரி, பார்த்துக்கொள்ளலாம்” என்றால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அன்று மாலையே ஒரு சிறு மின்னஞ்சல் போடுங்கள்: “இன்று பேசியபடி மார்ச் 9 முதல் ஏப்ரல் 19 வரையிலான விடுப்பையும், தேதி மாறினால் அதை மாற்றித் தருவதையும், திரும்பிய பின் பளு தூக்காத பணியையும் தாங்கள் ஏற்றுக்கொண்டதற்கு நன்றி. மனிதவளப் பிரிவின் எழுத்துவழி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறேன்.” அந்த ஒப்புதல் கைக்கு வந்ததும் ஒரு நகலை எங்களைப் போன்ற ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்து வைப்பது உதவும். வீடு திரும்பும் நாளில் தரப்படும் சான்றில் ஓய்வுக் காலமும் பளுத் தடையும் நீங்கள் கேட்ட விடுப்போடு பொருந்துகின்றனவா என்று அதை வைத்துச் சரிபார்ப்போம். ஓய்வு நீள வேண்டியிருந்தால், ஏப்ரல் 19 வரை காத்திராமல் நான்காம் வார மறுபரிசோதனையிலேயே நீட்டிப்புச் சான்றை எழுதித் தருவோம்.